கோணல் வயலின் உரக் கணக்கு

சம்பா நடவுக்கு முன் வேளாண்மை உதவி அலுவலரின் கைபேசிக்கு வரும் கேள்விகளில் ஒரு வகை கணக்கைப் பற்றியது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அனுப்பக்கூடிய செய்தி இப்படி இருக்கும்:

"ஐயா, சம்பா நடப்போறேன். வயல் நாலு பக்கமும் வேற வேற அளவு. வடக்க 115 அடி, கிழக்க 227, தெக்க 120, மேக்க 195. எதிரெதிர் பக்கத்தக் கூட்டி ரெண்டால வகுத்துப் பெருக்குனேன், 57 சென்ட் வருது. ஏக்கருக்கு 60, 20, 20ன்னு வச்சு யூரியா 74 கிலோ, டி.ஏ.பி. 25, பொட்டாஷ் 19ன்னு வருது. சரியாங்க?"

கேள்வி உரத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கணக்குகள் அடங்கியிருக்கின்றன. வயலின் பரப்பு எவ்வளவு என்பது முதலாவது. அந்தப் பரப்புக்கு எத்தனை கிலோ சத்து வேண்டும் என்பது அடுத்தது. அந்தச் சத்து எத்தனை கிலோ உரத்தில் கிடைக்கும் என்பது கடைசி. இந்தச் செய்தியில் நடுக்கணக்கு சரியாக இருக்கிறது. முதலாவதிலும் கடைசியிலும் பிழை உண்டு, இரண்டுமே அளவைக் கூட்டிக் காட்டும் பிழைகள். ஒன்று மற்றொன்றை ஈடு செய்திருந்தால் பாதகமில்லை. இங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறி, யூரியா தேவையைப் போலக் கால்பங்குக்கும் மேல் கூடிவிட்டது.

பரப்பிலிருந்து தொடங்கலாம். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கும் வழி மிகப் பழையது. வடக்கும் தெற்கும் சேர்ந்து 235, அதில் பாதி 117.5 அடி. கிழக்கும் மேற்கும் சேர்ந்து 422, பாதி 211 அடி. பெருக்கினால் 24,792 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் 57 சென்ட் வருகிறது. விவசாயி பெருக்கலிலோ வகுத்தலிலோ தவறவில்லை, அவர் கையாண்ட விதிதான் கோணல் வயலுக்குப் பொருந்தாதது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' நூலில் இதே விதியைச் சொல்லி, இது தோராயமானது என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

நான்கு மூலையும் செங்கோணமாக இருக்கும் வயலில் இந்த விதி துல்லியமான விடை தரும். மூலைகள் சரியச் சரிய விடை உண்மையான பரப்பைவிடக் கூடிக்கொண்டே போகும். ஒருநாளும் குறையாது. காரணம் எளிது. நான்கு பக்க நீளங்கள் மட்டும் தெரிந்தால் வயலின் வடிவம் தெரிந்துவிடாது. கால் ஆடும் கயிற்றுக் கட்டிலை ஒரு பக்கமாகத் தள்ளினால் சட்டங்களின் நீளம் மாறுவதில்லை, ஆனால் கட்டில் சரிந்து உள்ளிடம் குறுகிவிடுகிறது. வயலும் அப்படித்தான். 115, 227, 120, 195 என்ற இதே நான்கு பக்கங்களைக் கொண்டு பரப்பில் வேறுபட்ட பல வயல்களை வரைய முடியும். வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு உள்ள குறுக்குத் தூரம், அதாவது மூலைவிட்டம், 260 அடி என்றால் வயல் 55 சென்ட். அது 280 அடி என்றால் 51 சென்ட். 300 அடி என்றால் 42 சென்ட்தான். மூன்றிலும் வரப்போரம் நடந்து அளந்தால் அதே நான்கு எண்கள்தான் கிடைக்கும். மூன்றுக்கும் சராசரி விதி சொல்லும் விடை 57.

ஆகவே அந்தச் செய்திக்கு உடனே 'சரி' என்றோ, 'இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள்' என்றோ பதில் சொல்ல வழியில்லை. வேண்டிய அளவு ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது மூலைவிட்டத்தைத்தான்.

அதை அளக்க இரண்டு பேரும் நூறடி டேப்பும் போதும். நாற்று நடுவதற்கு முன், சேறு அடிப்பதற்கும் முன், வயல் காய்ந்திருக்கும்போது அளப்பது சுலபம். இரண்டு மூலையிலும் குச்சி நட்டு, நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றை ஒட்டி டேப்பை வைத்துக்கொண்டே போக வேண்டும். கயிறு தொய்ந்தாலும் கோணலாகப் போனாலும் நீளம் கூடிக் காட்டும். மேலே சொன்ன வயலில் மூலைவிட்டம் இருபது அடி கூடினால் பரப்பு ஒன்பது சென்ட் குறைந்துவிடுகிறது, ஆகவே இந்த ஒரு அளவை இருமுறை எடுப்பது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு மூலை உள்நோக்கி மடங்கியிருக்கும் வயலில் மூலைவிட்டம் அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்விடக்கூடும். அப்போது வயலுக்குள்ளேயே அமையும் மற்ற மூலைவிட்டத்தை எடுக்க வேண்டும்.

இந்த வயலில் மூலைவிட்டம் 280 அடி என்று வைத்துக்கொள்வோம். கயிறு இழுத்த உடனேயே வயல் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிடுகிறது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்பு ஒன்றே ஒன்றுதான், அது ஆடாது, சரியாது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில் கயிற்றிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை அளக்க வேண்டும். செங்கோணம் பிடிக்க மூலைமட்டம் ஒன்றும் தேவையில்லை. வடகிழக்கு மூலையில் டேப்பின் நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் டேப்பை விறைப்பாக வைத்தபடி கயிற்றோரமாக நகர்ந்தால், தூரம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் மறுபடி கூடத் தொடங்கும். அந்த மிகக் குறைந்த அளவுதான் செங்குத்துத் தூரம். இந்த வயலில் அது 90 அடி. எதிர்ப்புறம், தென்மேற்கு மூலையிலிருந்து, 70 அடி. இரண்டையும் கூட்டினால் 160. மூலைவிட்டத்தில் பாதியான 140ஆல் பெருக்கினால் 22,400 சதுர அடி, அதாவது 51.4 சென்ட்.

இரண்டாவது வழிக்கு மூலைவிட்டம் மட்டும் போதும், செங்குத்துத் தூரம் வேண்டாம். ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் a, b, c என்று வைத்துக்கொண்டு, கைபேசிக் கணிப்பானில் இப்படிப் போடலாம்:

```
s = (a + b + c) / 2
பரப்பு = √( s × (s−a) × (s−b) × (s−c) )
```

பள்ளிப் பாடத்தில் ஹெரான் சூத்திரம் என்று படித்ததுதான் இது. வடகிழக்கு முக்கோணத்துக்குப் பக்கங்கள் 115, 227, 280. அவற்றைக் கூட்டிப் பாதியாக்கினால் s = 311, பரப்பு 12,599 சதுர அடி. தென்மேற்கு முக்கோணத்துக்குப் பக்கங்கள் 280, 120, 195. பரப்பு 9,732 சதுர அடி. மொத்தம் 22,331. முதல் வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 70 சதுர அடிகூட இல்லை, ஒரு சென்ட்டில் ஆறில் ஒரு பங்குதான். அடி அளவில் அளக்கும்போது இவ்வளவு வித்தியாசம் வருவது இயல்பு. இரண்டு வழியிலும் கணக்கிட்டு, விடைகள் ஒரு சென்ட்டுக்கு மேல் விலகினால் ஏதோ ஒரு பக்கத்தைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஐந்து மூலை வயலை மூன்று முக்கோணமாகப் பிரிக்க வேண்டும். வாய்க்காலை ஒட்டி ஒரு பக்கம் வளைந்திருந்தால், அந்தப் பக்கத்தின் இரு நுனிகளையும் நேர்க்கயிறால் இணைத்து, கயிற்றுக்கு வெளியே பிதுங்கியிருக்கும் துண்டைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கயிற்றில் 30 அடிக்கு ஓரிடம் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் வளைந்த வரப்பு வரை உள்ள தூரத்தை அளந்து, எல்லாவற்றையும் கூட்டி 30ஆல் பெருக்கினால் போதும். அளவுகள் 4, 7, 8, 6, 3 அடி என்றால் கூட்டுத்தொகை 28, பரப்பு 840 சதுர அடி. கிட்டத்தட்ட இரண்டு சென்ட்.

இந்த முறை நில அளவைத் துறைக்குப் புதிதல்ல. அந்தக் கால சென்னை மாகாணத்தில் வயல்களை மூலைவிட்டமும் செங்குத்துத் தூரமும் கொண்டுதான் அளந்தார்கள். கிராமக் கணக்கில் இருக்கும் புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், பக்க நீளங்களோடு உள்ளே ஓடும் கோடுகளும் அவற்றின் அளவுகளும் தெரியும். தன் சர்வே எண்ணுக்குரிய புலப்படம் கையில் இருந்தால் வயலில் இறங்கி அளக்காமலே மூலைவிட்டத்தை அதிலிருந்து எடுத்துவிடலாம். இன்றைய படங்களில் அளவு மீட்டரில் இருக்கும், ஒரு மீட்டர் 3.28 அடி.

சரிபார்க்க இன்னும் எளிய வழி பட்டா. அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற கணக்கில் இருக்கும். இந்த வயலின் பட்டாவில் 0 - 21.50 என்று இருந்தால் பரப்பு 21.5 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட் என்பதால் 53 சென்ட். 21.50 என்ற எண்ணையே சென்ட் என்று படித்துவிடுகிறவர்களும் உண்டு, அப்படிப் படித்தால் உரம் பாதிக்கும் கீழே போய்விடும். இங்கே பட்டா 53 என்கிறது, விவசாயியின் கணக்கு 57 என்கிறது. தன் பட்டாவைவிடத் தன் வயல் பெரியதாக வந்தால், அது ஒன்றே கணக்கை மறுபடி பார்க்கச் சொல்லும் அறிகுறி.

கயிற்றுக் கணக்குக்கும் பட்டாவுக்கும் இடையே உள்ள ஒன்றரைச் சென்ட் எங்கே போனது? வரப்பில்தான். பட்டாவின் எல்லை வரப்பின் நடுவே ஓடுகிறது. வயலைச் சுற்றியுள்ள தூரம் 657 அடி. இரண்டடி வரப்பில் உள்பக்கத்து ஓரடி இந்த விவசாயியின் நிலத்தில் விழுந்தால் சுமார் 657 சதுர அடி பயிரில்லாத இடமாகிறது. அதுதான் அந்த ஒன்றரைச் சென்ட். உரம் பயிருக்குத்தானே தவிர வரப்புக்கு இல்லை, அதனால் டேப்பை வரப்பின் உள்விளிம்பில் வைத்தே அளக்க வேண்டும். வயலுக்குள் நாற்றங்கால் துண்டோ மோட்டார்க் கொட்டகையோ இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

டெல்டாவில் பலர் சென்ட்டில் பேசுவதில்லை, மாவில்தான் பேசுகிறார்கள். 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, அது 33 சென்ட். இந்த வயல் ஒரு மா 55 குழி. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் வேறு மாவட்டத்தாரோடு பேசும்போது சதுர அடியில் சொல்வதே குழப்பமில்லாதது. கைபேசியை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றி நடந்தால் பரப்பைச் சொல்லும் செயலிகளும் உண்டு. பெரிய தோப்புக்கு அவை உதவும். ஆனால் கைபேசி காட்டும் இடம் சில மீட்டர் முன்பின் தள்ளிப்போவது சாதாரணம், முப்பது நாற்பது மீட்டர் அகல வயலில் மூன்று மீட்டர் பிசகினால் பத்தில் ஒரு பங்கு வரை போய்விடும். இந்த அளவு வயலுக்குக் கயிறும் டேப்பும்தான் மேல்.

இனி சத்துக் கணக்கு. மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 60, 20, 20. விவசாயி எடுத்த எண் இதுதான், அது சரி. மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் இந்த எண்களுக்குப் பதில் அதிலுள்ளதை எடுக்க வேண்டும். மற்ற கணக்கு அப்படியே இருக்கும். ஒரு சென்ட்டுக்கு 0.6, 0.2, 0.2 கிலோ என்று வைத்துக்கொண்டால் 51.4 சென்ட்டுக்குத் தழைச்சத்து 30.8 கிலோ, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் 10.3 கிலோ வீதம்.

இரண்டாவது பிழை மூட்டைக்குள் இருக்கிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. டி.ஏ.பி.யில் 46 பங்கு மணிச்சத்து, கூடவே 18 பங்கு தழைச்சத்தும் இருக்கிறது. பொட்டாஷில் 60 பங்கு சாம்பல்சத்து. விவசாயி தழைச்சத்து முழுவதையும் யூரியாவிலிருந்தே எடுத்துவிட்டு, மணிச்சத்துக்கு டி.ஏ.பி.யை மேலே சேர்த்திருக்கிறார். டி.ஏ.பி.யோடு வந்த தழைச்சத்தைக் கழிக்கவில்லை. இந்தப் பிழை மிகப் பரவலானது. 57 சென்ட்டுக்குத் தழைச்சத்து 34.2 கிலோ, அதை 0.46ஆல் வகுத்தால் அவர் சொன்ன 74 கிலோ அப்படியே வருவதைப் பார்க்கலாம்.

சரியான வரிசையில் டி.ஏ.பி. முதலில் வர வேண்டும். மணிச்சத்து 10.3 கிலோவை 0.46ஆல் வகுத்தால் டி.ஏ.பி. 22 கிலோவுக்குச் சற்று மேல். அதில் 4 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. 30.8இல் 4 போக மீதி 26.8 கிலோதான் யூரியாவிலிருந்து வேண்டும். 0.46ஆல் வகுத்தால் யூரியா 58 கிலோ. பொட்டாஷ் 17 கிலோ.

74 எங்கே, 58 எங்கே! கூடிய 16 கிலோவில் பரப்புப் பிழையால் வந்தது சுமார் ஆறு, டி.ஏ.பி.யைக் கழிக்காததால் வந்தது சுமார் பத்து. டி.ஏ.பி.க்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் போட்டிருந்தால் இரண்டாவது பிழைக்கே இடமில்லை, ஏனென்றால் அதில் தழைச்சத்து கிடையாது. மூட்டைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. யூரியா மூட்டை முன்பு 50 கிலோவாக இருந்தது, 2018 முதல் 45 கிலோ. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் இன்னும் 50 கிலோதான். 'ஒன்றரை மூட்டை' என்று பழைய நினைப்பில் சொன்னால் கடைக்காரர் தருவது 75 கிலோ இல்லை, 67.5 கிலோ. கிலோவாகவே கேட்பதும் குறித்துவைப்பதும் நல்லது.

கூடுதலாக விழும் 16 கிலோ யூரியா விளைச்சலாக மாறுவதில்லை. பயிர் கரும்பச்சையாகக் கொழித்து, தாள் மெலிந்து, மழைக்காற்றில் சாய்கிறது. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அத்தகைய பயிரில்தான் பெருகும், குலைநோயும் அங்கேதான் எளிதில் தொற்றும். சம்பா கதிர் பிடிக்கும் காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருவதால் சாய்ந்த பயிர் தண்ணீரில் கிடக்க நேரிடும். நடவுக்குப் பிறகும் கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. இலை வண்ண அட்டையை வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையின் நிறம் 4ஆம் பட்டைக்குக் கீழே இருந்தால் மட்டும் அடுத்த தவணை யூரியா போட வேண்டும். வெள்ளைப் பொன்னி இயல்பிலேயே வெளிர்ந்த இலையுள்ளது என்பதால் அதற்கு 3ஆம் பட்டை. கணக்கின்படி நாள் வந்த பிறகும் இலை 4க்கு மேலேயே நின்றால், முன்பு போட்டது அதிகம் என்று பயிரே காட்டிக்கொடுக்கிறது.

58 கிலோ யூரியாவும் ஒரே நாளில் போவதில்லை. தழைச்சத்தை அடியுரமாகவும், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகியவற்றிலும் நான்கு சம பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு 7.7 கிலோ தழைச்சத்து. அடியுரத்தில் டி.ஏ.பி. முழுவதும் போவதால் அதிலேயே 4 கிலோ கிடைத்துவிடும், உடன் யூரியா 8 கிலோ போதும். மற்ற மூன்று தவணைக்கும் தலா 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பொட்டாஷையும் இதே நான்கு தவணையில் 4.3 கிலோ வீதம் போடலாம். இங்கே அரைக் கிலோ முன்பின் ஆனால் கவலைப்படத் தேவையில்லை. பரிந்துரையே ஒரு வட்டாரத்துக்கான பொது எண்தான். அரைச் சென்ட்டுக்காக மறுபடி கயிறு கட்ட வேண்டாம், ஐந்து சென்ட்டுக்குக் கட்டாயம் கட்ட வேண்டும்.

மொத்தம் சரியாக இருந்தும் வீசுவதில் தவறிவிடலாம். கோணல் வயலில் வரப்போரமாக ஒரே வேகத்தில் நடந்து வீசினால், குறுகிய மூலையில் கை இருமுறை மும்முறை படுகிறது, அகன்ற நடுப்பகுதி தரிசாக நிற்கிறது. பத்துப் பதினைந்து நாளில் மூலை கரும்பச்சையாகவும் நடு வெளிறியும் தெரிவது இதனால்தான். அளக்கும்போது இழுத்த மூலைவிட்டக் கயிறு இதற்கும் உதவும். இரண்டு முக்கோணத்துக்கும் அடிப்பக்கம் ஒன்றே என்பதால் பரப்பு செங்குத்துத் தூரத்தின் விகிதத்தில் இருக்கும், இங்கே 90க்கு 70. ஆகவே 17 கிலோ யூரியாவைப் பதினாறு பங்காக நினைத்து, ஒன்பது பங்கை வடகிழக்குப் பாதிக்கும் ஏழு பங்கைத் தென்மேற்குப் பாதிக்கும் ஒதுக்க வேண்டும். தராசில் நிறுத்தால் ஒன்று ஒன்பதரைக் கிலோ, மற்றது ஏழரைக் கிலோ. இரண்டையும் தனித்தனிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாதியிலும் பாதி உரத்தை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் வீசினால், முதல் நடையில் விட்ட இடம் இரண்டாம் நடையில் நிரம்பிவிடும்.